ஏனோதானோவை ஓரங்கட்ட எந்தக் கேள்வி? மூன்று வடிவங்கள், ஓர் ஒப்பீடு

ஒரு தீவில் மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் எப்போதும் உண்மையே சொல்வார், ஒருவர் எப்போதும் பொய்யே சொல்வார். மூன்றாமவர் நீங்கள் என்ன கேட்டாலும் மனசுக்குள் ஒரு காசைச் சுண்டி, விழுந்தபடி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பார். மெய்யன், பொய்யன், ஏனோதானோ என்று பெயர் வைத்துக்கொள்வோம். யார் யார் என்பது அந்த மூவருக்கும் தெரியும், நமக்குத் தெரியாது. ஒரு கேள்வியை ஒருவரிடம் மட்டுமே கேட்கலாம். அதுவும் ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். மூன்றே கேள்விகளில் மூவரையும் அடையாளம் காண வேண்டும்.

தர்க்கவியலாளர் ரேமண்ட் ஸ்மல்யன் வளர்த்தெடுத்த புதிர்க் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இதன் கடினமான வடிவத்தைத் தத்துவப் பேராசிரியர் ஜார்ஜ் பூலோஸ் 1996இல் ஹார்வர்டின் தத்துவ இதழில், ‘இதுவரை வந்ததிலேயே மிகக் கடினமான தர்க்கப் புதிர்’ என்ற பட்டத்தோடு வெளியிட்டார். அதில் வருபவர்கள் தீவுவாசிகள் அல்ல, கடவுள்கள். ‘டா’, ‘ஜா’ என்று தங்கள் மொழியில்தான் பதில் சொல்வார்கள். எது ஆம், எது இல்லை என்பது நமக்குத் தெரியாது. அந்தச் சிக்கலைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் கணக்கு. மூவர் நிற்கக்கூடிய வரிசைகள் ஆறு. இரண்டு கேள்விக்கு நான்கு விதமான பதில்கள்தான் வரும், ஆகவே இரண்டு போதாது. மூன்று கேள்விக்கு எட்டு விதம். ஆறுக்கு எட்டு என்றால் தாராளம்போலத் தோன்றும், ஆனால் முதல் கேள்வியை நாம் ஏனோதானோவிடமே கேட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. அப்போது அந்தப் பதிலுக்கு மதிப்பே இல்லை. அதனால் முதல் கேள்விக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: பதில் எதுவானாலும், யார் சொல்லியிருந்தாலும், ‘இந்த ஆள் ஏனோதானோ இல்லை’ என்று வேறொருவரைக் காட்ட வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் மிச்சம் சுலபம். அவரிடமே “ரெண்டும் ரெண்டும் நாலா?” என்று கேட்டால் அவர் மெய்யனா பொய்யனா என்று தெரிந்துவிடும். மூன்றாவதாக அவரிடமே “இடது ஆள் ஏனோதானோவா?” என்று கேட்டு, அவர் பொய்யனானால் பதிலைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

ஆக, போட்டி முழுக்க முதல் கேள்வியில்தான். இடது ஆளிடம் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

பலர் உடனே எடுப்பது இரண்டு கதவு, இரண்டு காவலர் புதிரில் கற்ற உத்தி: “மற்றவரைக் கேட்டால் என்ன சொல்வார்?” அங்கே ஒரு காவலர் மெய்யே சொல்வார், மற்றவர் பொய்யே சொல்வார், ஒரே கேள்வியில் சரியான கதவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மெய்யும் ஒரு பொய்யும் சங்கிலியில் எப்படியும் சேர்ந்துவிடுவதால் பதில் எப்போதும் தலைகீழாக வரும் என்று நம்பலாம். இங்கே அது படுத்துவிடும். “வலது ஆள் ஏனோதானோவா என்று நடு ஆளைக் கேட்டால் ஆம் என்பாரா?” என்று மெய்யனிடம் கேட்கிறீர்கள். நடு ஆள் ஏனோதானோவாக இருந்தால் காசு எப்படி விழும் என்று மெய்யனுக்கு எப்படித் தெரியும்? அவரால் உண்மையாக ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த வடிவத்தை இத்தோடு விட்டுவிடலாம். களத்தில் நிற்பவை வேறு மூன்று.

ஒன்று: தராசுக் கேள்வி. “நடு ஆள், வலது ஆளைவிட உண்மை அதிகம் பேசுபவரா?” ஆம் என்றால் வலது ஆளிடம் போங்கள், இல்லை என்றால் நடு ஆளிடம் போங்கள். அவ்வளவுதான். முதல் முறை பார்ப்பவர்களுக்கு இது ஏதோ கண்கட்டு வித்தைபோல இருக்கும். சோதித்துப் பார்க்கலாம்:

| இடது | நடு | வலது | பதில் | போகும் ஆள் |
|---|---|---|---|---|
| மெய்யன் | பொய்யன் | ஏனோதானோ | இல்லை | நடு |
| மெய்யன் | ஏனோதானோ | பொய்யன் | ஆம் | வலது |
| பொய்யன் | மெய்யன் | ஏனோதானோ | இல்லை | நடு |
| பொய்யன் | ஏனோதானோ | மெய்யன் | ஆம் | வலது |

இடது ஆளே ஏனோதானோ என்றால் நடுவும் வலதும் நமக்குச் சரியான ஆட்கள்தான், எங்கே போனாலும் நஷ்டமில்லை.

இது ஏன் வேலை செய்கிறது என்பதுதான் ருசியான இடம். உண்மை பேசுவதில் மெய்யன் மேலே, பொய்யன் கீழே, ஏனோதானோ நடுவே. மெய்யன் மற்ற இருவரையும் பார்க்கும்போது ஏனோதானோ மேலானவர். பொய்யன் பார்க்கும்போது ஏனோதானோ கீழானவர். பார்ப்பவர் மாறியதும் ஒப்பீட்டின் உண்மை தலைகீழாகிறது. பொய்யன் வாயைத் திறந்ததும் அது இன்னொரு முறை தலைகீழாகிறது. இரண்டு திருப்பம் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் ‘ஆம்’ என்றால் நடுவில் இருப்பவர்தான் ஏனோதானோ, ‘இல்லை’ என்றால் வலதில் இருப்பவர். சொன்னவர் யார் என்று தெரியாமலே இதைப் படித்துவிடலாம்.

ஒரு வரிசையை முழுதாக ஓட்டிப் பார்ப்போம். இடதில் பொய்யன், நடுவில் ஏனோதானோ, வலதில் மெய்யன். தராசுக் கேள்விக்கு உண்மைப் பதில் ‘இல்லை’, பொய்யன் ‘ஆம்’ என்கிறார். வலது ஆளிடம் போகிறோம். இந்தக் கட்டத்தில் நம் கையில் மிஞ்சியிருப்பவை நான்கு வரிசைகள்: நடு ஆள் ஏனோதானோவாக உள்ள இரண்டு, இடது ஆளே ஏனோதானோவாக உள்ள இரண்டு. “ரெண்டும் ரெண்டும் நாலா?” – ஆம். வலது ஆள் மெய்யன், மிச்சம் இரண்டு வரிசை. “இடது ஆள் ஏனோதானோவா?” – இல்லை. முடிந்தது. நான்கு, இரண்டு, ஒன்று என்று சரியாகப் பாதியாகிக்கொண்டே வந்ததைக் கவனியுங்கள். எட்டு விதப் பதிலில் ஒன்றுகூட வீணாகவில்லை. ஆறு என்று நினைத்த கணக்கு, இடது ஆள் ஏனோதானோவாக இருக்கும் இரண்டு வரிசைகளும் ஆம், இல்லை இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வருவதால், உண்மையில் எட்டுதான்.

இரண்டு: ஜோடிக் கேள்வி. பூலோஸின் தீர்வு இந்த வழியில் போகிறது. “‘நீங்கள் மெய்யன்’, ‘நடு ஆள் ஏனோதானோ’ – இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றாகச் சரியாகவோ ஒன்றாகத் தவறாகவோ இருக்கின்றனவா?” தராசு மறைத்து வைத்த திருப்பத்தை இது வெளிப்படையாகக் கேள்விக்குள்ளேயே பூட்டிவைக்கிறது. பொய்யனுக்கு முதல் வாக்கியம் தவறு, அதனால் நடு ஆள் ஏனோதானோவாக இருந்தால் ஜோடி சேராது, உண்மைப் பதில் ‘இல்லை’, அவர் சொல்வது ‘ஆம்’. மெய்யனும் அதே நிலையில் ‘ஆம்’ என்பார். சரியான கேள்விதான். ஆனால் காதில் வாங்கிப் புரிந்துகொள்ள நேரமாகும். இந்தப் புதிரைச் சொல்லிக்கொடுக்கும்போது பலர் வழுக்குவதும் இங்கேதான்: ‘இரண்டும் தவறு’ என்ற நிலைக்கும் விடை ‘ஆம்’தான் என்பது மனசில் தங்குவதில்லை. ‘நீங்கள் மெய்யனாக இருந்து, நடு ஆளும் ஏனோதானோவா?’ என்று சுருக்கிக் கேட்டால் கணக்கே கெட்டுவிடும். பொய்யனுக்கு அது எப்போதும் தவறான வாக்கியம், ஆகவே எந்த வரிசையிலும் அவர் ‘ஆம்’ என்றே சொல்வார்.

மூன்று: உள்கேள்வி. “‘நடு ஆள் ஏனோதானோவா?’ என்று உங்களிடம் கேட்டால், ஆம் என்பீர்களா?” கதவுப் புதிரின் உத்திபோலத் தெரிந்தாலும் ஒரே ஒரு மாற்றம், மற்றவரைப் பற்றிக் கேட்கவில்லை, அவரைப் பற்றியே கேட்கிறோம். பொய்யன் உள்ளே ஒரு பொய், வெளியே ஒரு பொய் என்று இரண்டு சொல்லி உண்மைக்கே வந்துவிடுவார். கேட்க இயல்பாகவும் இருக்கிறது.

இதில் ஒரு வினோதம் உண்டு. பூலோஸ் ஏனோதானோவின் காசை வேறு மாதிரி வரையறுத்திருந்தார்: தலை விழுந்தால் உண்மை சொல்வார், பூ விழுந்தால் பொய் சொல்வார். அப்படியானால் அந்த நொடிக்கு அவரும் மெய்யனோ பொய்யனோதான். உள்கேள்வியைக் கேட்டால் எந்தப் பக்கம் விழுந்தாலும் சரியான பதிலே வரும்! ஏனோதானோவின் ஆபத்தே காணாமல் போய்விடுகிறது. இதை 2008இல் பிரையன் ரேபர்ன், லாண்டன் ரேபர்ன் இருவரும் எடுத்துக்காட்டினார்கள். காசு தீர்மானிப்பது மெய்யா பொய்யா என்பதையல்ல, ஆமா இல்லையா என்பதை என்று மாற்றினால்தான் புதிருக்கு உயிர் வரும். நான் தொடக்கத்தில் அந்த வகையை எடுத்துக்கொண்டதும் அதனால்தான். நீங்கள் இந்தப் புதிரை யாருக்காவது போடும்போது இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், விவரமான ஆள் உள்கேள்வியை வைத்து உங்களை மடக்கிவிடுவார்.

எதை எடுக்கலாம்? புதிர் சொன்னபடியே இருக்கும்வரை எனக்குத் தராசுதான். சின்னக் கேள்வி, தப்பாகக் கேட்க வழியில்லை. ஆனால் விதியை லேசாக அசைத்தாலே அது ஆட்டம் கண்டுவிடும். ஏனோதானோ ஒருவர் உண்டு, மற்ற இருவரும் மெய்யரா பொய்யரா தெரியாது, இருவருமே மெய்யராகக்கூட இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடதும் வலதும் மெய்யர், நடுவில் ஏனோதானோ. “நடு ஆள் உண்மை அதிகம் பேசுபவரா?” – இல்லை. விதிப்படி நடு ஆளிடம் போகிறோம், நேராகக் காசு சுண்டுபவரிடமே! தராசின் திருப்பம் மூவரும் மூன்று வகை என்பதில் ஒளிந்திருந்தது, அது போனதும் கேள்வியும் போச்சு. ஜோடிக் கேள்வியும் உள்கேள்வியும் பதில் சொல்பவரை மட்டுமே நம்பியிருப்பதால் இங்கேயும் நிற்கும். வரிசைகள் பன்னிரண்டு ஆவதால் நான்கு கேள்விகள் தேவைப்படும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டா, ஜா வந்தால் உள்கேள்வி இன்னும் ஒரு படி மேலே போகிறது. “‘நடு ஆள் ஏனோதானோவா?’ என்று கேட்டால் ‘ஜா’ என்பீர்களா?” என்று கேளுங்கள். ஏனோதானோ அல்லாத யாரும், நடு ஆள் ஏனோதானோவாக இருந்தால் ‘ஜா’ என்றுதான் சொல்வார், ஜாவுக்கு அர்த்தம் ஆம் ஆனாலும் இல்லை ஆனாலும். சொல்லின் அர்த்தம் தெரியாத திருப்பமும் உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என்று ஜோடியாகவே வந்து அடிபட்டுப் போகிறது. ஜோடிக் கேள்வியில் இதே வேலைக்கு ‘டா என்றால் ஆம்’ என்ற மூன்றாவது வாக்கியத்தையும் செருக வேண்டும். பூலோஸ் அப்படித்தான் செய்தார், அதனால்தான் அவர் தீர்வை வாசிக்க மூச்சு முட்டுகிறது. தராசுக்கு இங்கே இடமே இல்லை.

மூவரில் இருவர் ஏனோதானோ என்றால் எந்தக் கேள்வியும் கைகொடுக்காது, எத்தனை கேட்டாலும் சரி. இருவரில் ஒருவருக்குக் காசு ஒவ்வொரு முறையும், ‘நான்தான் மெய்யன்’ என்று சாதிக்கும் ஒருவர் சொல்லும் பதிலாகவே விழக்கூடும். மற்றவருக்கும் அந்தக் கதைக்கு ஒத்தபடி விழுந்தால், உண்மையான மெய்யன் ஒரு பக்கம், காசால் மெய்யனானவர் மறுபக்கம் நிற்பார்கள். கேட்பவரால் இருவரையும் பிரிக்கவே முடியாது.