வெட்டுவதா, சுண்டவைப்பதா, மாற்றி எழுதுவதா? ஒரு மேற்கோள் அட்டை வரியின் கதை

ஒரு கட்டுரையிலிருந்து ஒரு வரியை எடுத்து மேற்கோள் அட்டையாகப் போட வேண்டும். விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போகும்போது இரண்டு விநாடியில் படித்து முடிக்கும்படி இருக்க வேண்டும், படித்தது மனதில் நிற்கவும் வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. உள்ள வாக்கியத்தில் ஒரு துண்டை அப்படியே வெட்டி எடுக்கலாம், முழக்கம் மாதிரி சுண்டவைக்கலாம், அல்லது அதே கருத்தை அட்டைக்கென்றே மாற்றி எழுதலாம். மூன்றையும் ஒரே வாக்கியத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நான் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வரி இருந்தது:

"ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது நாம் உடனே தீர்வு சொல்லத் தொடங்கிவிடுகிறோம், ஆனால் பெரும்பாலான நேரங்களில் அவருக்குத் தேவைப்படுவது தீர்வு அல்ல, குறுக்கிடாமல் கேட்கும் ஒருவர்தான்."

மொத்தம் 19 சொற்கள். கட்டுரைக்குள் நன்றாகவே ஓடுகிறது. அட்டையில் போட்டால் யாரும் முடிவு வரைக்கும் வர மாட்டார்கள்.

முதலில் சுண்டவைத்துப் பார்த்தேன், ஏனென்றால் கை அதற்குத்தான் முதலில் போகும்.

தீர்வு வேண்டாம். கேட்டால் போதும்.

நான்கே சொற்கள், 14 எழுத்துகள். பார்த்ததும் கண்ணில் விழுகிறது, எனக்கு ரொம்பப் பிடித்தும் போனது. கைபேசியில் ஒரு தோழியிடம் இரண்டு விநாடி காட்டிவிட்டுத் திருப்பி வைத்தேன். "என்ன போட்டிருந்தது?" என்று கேட்டேன். "எதையோ கேட்டால் கிடைக்கும்னு போட்டிருக்கு" என்றாள். அவள் மேல் தவறே இல்லை. தமிழில் 'கேள்' என்பது காதால் கேட்பதும்தான், வாய்விட்டுக் கேட்பதும்தான். கட்டுரையில் 'குறுக்கிடாமல்' என்ற சொல் பக்கத்தில் இருந்ததால் எந்தக் 'கேள்' என்று குழப்பம் வரவில்லை. நீளமாக இருக்கிறதே என்று அதைத் தூக்கினேன், பொருளும் அதோடு போய்விட்டது.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. நான் எழுதியது 'பெரும்பாலான நேரங்களில்' என்று. அட்டை சொல்வது 'வேண்டாம்' என்று. பிரச்சினையோடு வரும் எல்லோருக்கும் தீர்வே வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை, எழுதவும் இல்லை. சுண்டவைக்கும்போது முதலில் ஆவியாவது இப்படிப்பட்ட வரம்புச் சொற்கள்தான்: பெரும்பாலும், சில சமயம், முடிந்தவரை. அவை போன பிறகு நிற்கும் வரி, எழுதியவரே ஒத்துக்கொள்ளாத ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிடும்.

சரி, அடுத்து வெட்டிப் பார்த்தேன். ஒரு சொல்லையும் மாற்றாமல், தொடர்ச்சியாக உள்ள துண்டு:

தேவைப்படுவது தீர்வு அல்ல, குறுக்கிடாமல் கேட்கும் ஒருவர்தான்.

ஆறு சொற்கள், 30 எழுத்துகள். 'கேட்கும்' இங்கே குழப்பவில்லை. ஆனால் யாருக்குத் தேவை? அந்தப் பதில் வாக்கியத்தின் முன்பாதியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 'அவருக்கு' என்பதையும் சேர்த்து வெட்டினால் இன்னும் மோசம், எவருக்கு என்று வாசகர் தேடுவார். வெட்டு முறையின் எல்லை இதுதான். நல்ல துண்டு கிடைக்கும், அது யாரைப் பற்றியது என்பது வேறெங்கோ இருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வரி மடங்கும் இடத்தில் இருந்தது. நான் பயன்படுத்தியது 1080 பிக்சல் சதுர அட்டை. இரு பக்கமும் நூறு நூறு விட்டால் எழுத்துக்கு 880 கிடைக்கும். எழுத்தைப் பெரிதாக வைத்ததும் மென்பொருள் தானாகவே இப்படி மடக்கியது:

தேவைப்படுவது தீர்வு
அல்ல, குறுக்கிடாமல்
கேட்கும் ஒருவர்தான்.

முதல் வரியை மட்டும் படித்துப் பாருங்கள். நேர் எதிரான பொருள்! தமிழில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. அல்ல, இல்லை, வேண்டாம், கூடாது எல்லாம் எதை மறுக்கிறதோ அதன் பின்னால் நிற்கும். நிதானமாகப் படிக்கும்போது பரவாயில்லை. ஓரக்கண்ணால் பார்ப்பவர் முதல் வரியோடு போய்விடுவார். அதனால் மறுப்புள்ள வரி எதுவாக இருந்தாலும் மடிப்பை மென்பொருளிடம் விடாமல் நானே போடுகிறேன். 'தீர்வு அல்ல,' வரை முதல் வரி, மீதி அடுத்த வரி. அப்படிப் போட எழுத்தின் அளவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், வாக்கியம் அட்டைக்கு இன்னும் நீளம் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் சொல் கணக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'பத்துச் சொற்களுக்குள்' என்ற விதி தமிழுக்கு அவ்வளவாக உதவாது. 'தொடங்கிவிடுகிறோம்' ஒரே சொல்தான், ஆனால் ஒன்பது எழுத்து, அட்டையில் ஒரு வரியில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். எழுத்தின் அளவைத் தீர்மானிப்பது வரியில் உள்ள மிக நீளமான சொல்தான். நான் சொற்களை எண்ணுவதை விட்டுவிட்டு, அந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து மாற்றப் பார்க்கிறேன்.

அப்புறம் மூன்றாவது வழி. முதல் முயற்சி:

கஷ்டத்தைச் சொல்பவருக்குத் தேவை தீர்வு அல்ல, காது.

'காது' வந்ததும் 'கேள்' குழப்பம் தீர்ந்தது. யாருக்கு என்பதும் உள்ளே வந்துவிட்டது. ஆனால் 'சொல்பவருக்குத்' எட்டு எழுத்து, மறுப்பு மறுபடியும் நடுவில், வரம்பு இன்னும் திரும்பி வரவில்லை. மறுப்பே இல்லாமல் சொல்ல முடியுமா என்று யோசித்தபோதுதான் வழி கிடைத்தது. தீர்வை மறுப்பதற்குப் பதிலாக அதைத் தள்ளிவைத்தால் போதுமே.

தீர்வு அப்புறம்.
முதலில் காது கொடுங்கள்.

ஐந்து சொற்கள், 19 எழுத்துகள். எந்தச் சொல்லும் ஐந்து எழுத்தைத் தாண்டவில்லை. 'காது கொடுங்கள்' என்பதை வேறு மாதிரி புரிந்துகொள்ள வழியில்லை. வரம்பு 'அப்புறம்', 'முதலில்' என்ற இரண்டு சிறிய சொற்களுக்குள் அடங்கிவிட்டது. தீர்வுக்கும் இடம் இருக்கிறது, அது பின்னால் வரட்டும். அதே தோழியிடம் காட்டினால் அவளுக்கு விடை தெரிந்துவிட்டிருக்குமே, அதனால் வேறொருவரிடம் அதே இரண்டு விநாடி காட்டினேன். "முதல்ல கேளுங்க, தீர்வு பிறகு சொல்லுங்கன்னு இருக்கு" என்றார். சொற்கள் மாறியிருந்தன, பொருள் அப்படியே இருந்தது. அதுதான் நான் பார்க்கும் அடையாளம்.

இங்கேயும் மடிப்பைக் கவனிக்க வேண்டும். 'முதலில்' மேல் வரிக்குப் போனால் 'தீர்வு அப்புறம். முதலில்' என்று ஆகி, இரண்டும் தீர்வைப் பற்றியதாகத் தோன்றும்.

ஆக, இது என் சொந்த வரி என்பதால் மூன்றாவது வழிதான் வென்றது. ஆனால் இது இன்னொருவர் சொன்னதாக இருந்தால் என் தேர்வு மாறிவிடும். 'பெரும்பாலும் தேவையில்லை' என்பதும் 'அப்புறம்' என்பதும் ஒன்றல்ல. மேற்கோள் குறிக்குள் ஒருவர் பெயரோடு போகும்போது, அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை. அப்போது வெட்டு முறைதான் சரி. அதன் குறையைச் சரிசெய்ய மேலே சிறிய எழுத்தில், மேற்கோள் குறிக்கு வெளியே, ஒரு வரி போடுவேன்:

கஷ்டத்தைச் சொல்பவருக்குப் பெரும்பாலும்…
"தேவைப்படுவது தீர்வு அல்ல,
குறுக்கிடாமல் கேட்கும் ஒருவர்தான்."

யாருக்கு என்பதும் வரம்பும் சின்ன வரியில் திரும்பி வந்துவிட்டன. பெரிய எழுத்தில் இருப்பது முழுக்க அவர் சொன்னது. ஒரே பார்வையில் 19 எழுத்து வரி அளவுக்கு இது ஏறாதுதான், அந்த நஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்வேன். சின்ன வரியைப் பெரிய எழுத்தின் பாதி அளவுக்கும் கீழே குறைக்க மட்டும் மாட்டேன். கைபேசியில் அது மறைந்துபோனால் 'யாருக்கு?' என்ற கேள்வி மறுபடியும் வந்து நிற்கும்.