சரஸ்வதி பூஜை எந்த நாள்: சூர்யோதய நவமியா, மத்தியான நவமியா? 2024-ஐ வெச்சு ஒரு அலசல்

2024-ல எங்க வீட்டுல பெரிய குழப்பம். அக்டோபர் 11 வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைன்னு அரசு லீவு விட்டாச்சு, ஆனா அன்னைக்கு காலையில நாள்காட்டி தாளை கிழிச்சா "அஷ்டமி"ன்னு போட்டிருக்கு. மறுநாள் 12-ஆம் தேதி தாள்ல "நவமி". அம்மா அப்படியே நின்னுட்டாங்க, "நவமியிலதானேடா சரஸ்வதி பூஜை, அஷ்டமியில எப்படி புத்தகம் வைக்கிறது"ன்னு. அதே நேரத்துல திருச்சூர்ல இருக்கிற அத்தை போன் பண்ணி எங்களுக்கு விஜயதசமி 13-ஆம் தேதிதான்னு சொல்றாங்க. ஒரே வானம், ஒரே சந்திரன், ஆனா ரெண்டு தேதி. யாரும் தப்பா கணக்கு போடல, கேக்குற கேள்விதான் வேற வேற.

முதல்ல அந்த தாளை எப்படி படிக்கணும்னு சொல்லிடறேன், பாதி குழப்பம் அங்கதான். தாள்ல பெருசா போட்டிருக்கிறது சூரியன் உதிக்கும்போது இருக்கிற திதி. பக்கத்துலயே சின்னதா "பகல் 12.06 வரை, பின் நவமி"ன்னு முடியுற நேரம் இருக்கும், அதை நாம கவனிக்கறதே இல்ல. சில பஞ்சாங்கத்துல மணிக்கு பதிலா நாழிகை இருக்கும், சூர்யோதயத்துல இருந்து எண்ணணும், ஒரு நாழிகை 24 நிமிஷம், அதனால 15 நாழிகைன்னா ஆறு மணி நேரம், காலை ஆறு மணிக்கு உதயம்னா பகல் பன்னிரண்டு. திதிங்கிறது சூரியனை விட்டு சந்திரன் 12 டிகிரி விலகிப் போக எடுக்கிற நேரம். சந்திரன் ஓடுற வேகம் மாறிக்கிட்டே இருக்கறதால ஒரு திதி சுமார் 19 மணி நேரத்துல இருந்து 26 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம், நடுராத்திரி, மத்தியானம்னு எப்ப வேணா ஆரம்பிக்கும்.

2024-ல திருக்கணித கணக்குப்படி நவமி 11-ஆம் தேதி பகல் 12 மணி தாண்டி ஆரம்பிச்சு 12-ஆம் தேதி காலை 11-க்கு கொஞ்சம் முன்னாடி முடிஞ்சுடுச்சு. (வாக்கிய பஞ்சாங்கம் பாக்கறவங்களுக்கு இந்த நேரம் சில மணி நேரம் தள்ளிப் போகலாம், அதனால ரெண்டு பஞ்சாங்கத்தையும் கலந்து பாக்காதீங்க.)

முதல் வழி, உதய திதி. சூரியன் உதிக்கும்போது எந்த திதியோ அந்த நாள் முழுக்க அந்த திதிதான். அப்படிப் பாத்தா நவமி 12-ஆம் தேதி, தசமி 13-ஆம் தேதி. கேரளாவுல அந்த வருஷம் அப்படித்தான் வந்துச்சு, 10-ஆம் தேதி சாயங்காலமே புத்தகத்தை பூஜைக்கு வெச்சாங்க, 13 ஞாயிறு காலையில எடுத்து குழந்தைகளுக்கு எழுத்தறிவிச்சாங்க. இந்த வழியில ஒரு நல்ல விஷயம், யாருக்கும் சந்தேகமே வராது, தாள்ல பெருசா போட்டிருக்கறதை பாத்தா போதும். ஆனா நம்ம ஊர்ல ஆயுத பூஜை எப்ப பண்றோம்? கடை, பட்டறைல எல்லாம் வேலையை நிறுத்தி மெஷினை கழுவி தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை வெச்சு படைக்கும்போது மத்தியானமோ சாயங்காலமோ ஆயிடும். 12-ஆம் தேதி சாயங்காலம் அதை பண்ணியிருந்தா பேரு நவமி பூஜை, ஆனா வானத்துல தசமி வந்து ஏழு மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அது மனசுக்கு ஒப்பல.

ரெண்டாவது வழி, பூஜை நடக்கிற நேரத்துல திதி இருக்கணும். பகலை அஞ்சு பாகமா பிரிச்சா நாலாவது பாகம் அபராஹ்ணம், பன்னிரண்டு மணி நேர பகல்னா சுமார் 1.12-ல இருந்து 3.36 வரைக்கும். 11-ஆம் தேதி அந்த நேரம் பூரா நவமி, 12-ஆம் தேதி அந்த நேரம் பூரா தசமி. விஜயதசமிக்கும் அபராஹ்ணத்துல தசமி இருக்கணும்னுதான் சாஸ்திரம் பாக்குது, அதனால 11 பூஜை, 12 விஜயதசமின்னு ரெண்டும் ஒண்ணா பொருந்துது. தமிழ்நாடு, கர்நாடகா ரெண்டுலயும் இதுதான் நடந்துச்சு, மைசூர் ஜம்பு சவாரியும் 12-ஆம் தேதிதான்.

இன்னொரு சாட்சியும் இதுக்கு ஆதரவா இருக்கு. "மூலேன ஆவாஹயேத் தேவீம் ச்ரவணேன விஸர்ஜயேத்"னு ஒரு வாக்கு, மூலத்துல ஆவாஹனம், திருவோணத்துல விஸர்ஜனம். அந்த வருஷம் திருவோணம் 12-ஆம் தேதி விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சு அன்னைக்கு பகல் பூரா இருந்துச்சு, 13-ஆம் தேதி விடியறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. விஜயவாடா கனகதுர்கா கோயில்ல திதியை விட்டுட்டு இந்த நட்சத்திரத்தையே பிடிச்சுக்கறாங்க, மூல நட்சத்திரமான 9-ஆம் தேதியே அம்மனுக்கு சரஸ்வதி அலங்காரம். அது தனி மூணாவது வழி.

அதனால நாங்க 11-ஆம் தேதியே வெச்சோம். நேரமும் அழகா அமைஞ்சுது, வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைல இருந்து பன்னிரண்டு, அது முடியவும் நவமி பொறக்கவும் சரியா இருந்துச்சு, எமகண்டம் மூணு மணிக்கு, நடுவுல தாராளமா நேரம். மறுநாள் மறுபூஜை பண்ணி புத்தகத்தை எடுத்தது மட்டும் காலை 11 மணிக்கு அப்புறம், தசமி வந்த பிறகு. இங்கதான் நிறைய பேர் விடறாங்க, விஜயதசமின்னு காலை ஆறு மணிக்கே எடுத்துடறாங்க, அப்ப இன்னும் நவமி.

ஆனா ரெண்டாவது வழிதான் நம்ம ஊர் நிரந்தர விதின்னு நினைச்சுடாதீங்க. 2020-ல நவமி அக்டோபர் 24 காலை ஏழு மணிக்கு ஆரம்பிச்சு 25 காலை 7.40 வாக்குல முடிஞ்சுது. மத்தியான கணக்குப்படி பூஜை 24, ஆனா லீவு வந்தது 25-க்கு, விஜயதசமி 26. அதாவது அந்த வருஷம் உதய திதி ஜெயிச்சுது. அப்படிப்பட்ட வருஷத்துல 25-ஆம் தேதி விடியக்காலையிலயே பூஜையை முடிச்சுடறதுதான் நல்லது, சாயங்காலம் வரைக்கும் தள்ளினா நவமி கிடைக்காது. 2025 மாதிரி வருஷத்துல இந்தப் பிரச்சனையே இல்ல, முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்த நவமி அக்டோபர் 1 சாயங்காலம் ஏழு வரைக்கும் இருந்துச்சு, எந்த வழியில பாத்தாலும் அதே நாள்.

வெளிநாட்டுல இருக்கறவங்க இங்க இருந்து நாள்காட்டி வாங்கிட்டு போய் அப்படியே பாக்கறாங்களே, அவங்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும். அதே 2024 நவமி லண்டன்ல 11-ஆம் தேதி காலை 7.36-க்கு ஆரம்பம், 12-ஆம் தேதி காலை 6.28-க்கு முடிவு. அங்க அந்த சமயத்துல சூரியன் உதிக்கறது ஏழேகால் வாக்குல. அப்ப 11-ஆம் தேதி உதயத்துல அஷ்டமி, 12-ஆம் தேதி உதயத்துல தசமி, நவமிக்கு சூர்யோதயமே இல்ல. உதய திதியை மட்டும் பாத்தா அந்த வருஷம் லண்டன்ல சரஸ்வதி பூஜைக்கு நாளே கிடையாது. பூஜை நேரத்தை பாத்தா 11-ஆம் தேதி பகல் முழுக்க, சாயங்காலம் முழுக்க நவமி, வேலை முடிஞ்சு வந்து நிதானமா புத்தகம் அடுக்கி வெச்சிருக்கலாம்.