டாலருக்கு எத்தனை ரூபாய் கைக்கு வந்தது: வங்கி வழியா, கமிஷன் தளமா?

லாஸ்பேட்டையில் வீட்டிலிருந்தே வெப் டிசைன் செய்யும் ஒருவருக்கு ஒரே நாளில் 200 டாலரும் 1,800 டாலரும் வருவதாக வைத்துக்கொள்வோம். சந்தை விலை 85 ரூபாய். வங்கி 84.30 தருகிறது. வழியில் உள்ள இடைநிலை வங்கி ஒவ்வொரு முறையும் 15 டாலர் எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் வங்கியின் கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்து 236 ரூபாய். வாடிக்கையாளரின் டாலரை வாங்கி ரூபாயாகத் தரும் ஆன்லைன் கமிஷன் தளமோ எல்லாம் சேர்த்து 4 சதவீதம் எடுக்கும். இவை கணக்குக்கு எடுத்த எண்கள்தான். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வங்கி. 200 டாலரில் 185தான் வந்து சேரும். அதை மாற்றினால் 15,595 ரூபாய். அதிலிருந்து 236 போகும். டாலரை ரூபாயாக மாற்றுவதற்கும் ஜிஎஸ்டி உண்டு; எவ்வளவு சின்ன தொகையானாலும் குறைந்தது 45 ரூபாய். மிஞ்சுவது 15,314. இதை 185 ஆல் வகுத்தால் 82.78 என்று நல்ல விலையாகத் தெரியும். ஆனால் வேலை செய்தது 200 டாலருக்கு. இன்வாய்ஸ் தொகையால்தான் வகுக்க வேண்டும்: 76.57. அந்த 15 டாலர் பலரது கணக்கில் காணாமல் போவது இங்கேதான்.

தொகை பெரிதானால் மாற்று ஜிஎஸ்டியும் கூடும். அதையும் கழித்தால் 1,800 டாலருக்கு அதே வழியில் 1,50,014 ரூபாய், அதாவது டாலருக்கு 83.34. இந்த இரண்டு விலையையும் கூட்டிப் பாதியாக்கினால் வரும் 79.96 தவறு, ஏனென்றால் சின்ன இன்வாய்ஸுக்கும் பெரியதற்கும் அது ஒரே எடை தருகிறது. ஷீட்டில் B பத்தியில் டாலர், C பத்தியில் கிடைத்த ரூபாய் இருந்தால்:

```
=SUM(C2:C3)/SUM(B2:B3)
```

விடை 82.66.

கமிஷன் தளத்தில் தொகை எதுவானாலும் 81.60. மொத்தத்தில் வங்கிதான் மேல். ஆனால் 200 டாலர் இன்வாய்ஸில் தளம் டாலருக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகத் தருகிறதே! இந்த எண்களின்படி சுமார் 590 டாலருக்குக் கீழே தளம், மேலே வங்கி. சின்னதைத் தளத்திலும் பெரியதை வங்கியிலும் வாங்கினால் சராசரி 83.17. இரண்டும் ஒரே வாடிக்கையாளருடையது என்றால், சேர்த்து 2,000 டாலராக வங்கிக்கு அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது: 83.43.

பணம் வெவ்வேறு நாளில் வந்தால் இந்தச் சராசரியை மட்டும் வைத்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டாலர் ஏறியிருந்தால் மோசமான வழியும் நல்லதாகத் தோன்றும். ஒவ்வொரு வரவுக்கும் அன்றைய சந்தை விலையாக எஃப்பிஐஎல் நிறுவனம் வெளியிடும் ரெஃபரன்ஸ் விலையைப் பக்கத்தில் எழுதி, அதிலிருந்து கைக்கு வந்த விலையைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தைத்தான் வழிக்கு வழி ஒப்பிட வேண்டும். வங்கி தரும் வரவுச் சீட்டில் வந்த டாலரும் மாற்று விலையும் இருக்கும். அதில் டாலர் இன்வாய்ஸைவிடக் குறைந்திருந்தால், இடையில் யாரோ பிடித்திருக்கிறார்கள். அடுத்த முறை அனுப்பும்போது எல்லாக் கட்டணமும் தன் பக்கம் என்ற ‘OUR’ முறையைத் தேர்ந்தெடுக்கும்படி வாடிக்கையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.