பத்தடி பேனருக்கு எந்தப் படம், எந்தப் பின்னணி?

காதணி விழாவுக்குப் பத்தடிக்கு எட்டடி பேனர். தாய்மாமன் மடியில் குழந்தை, பின்னால் வேப்பமரம். நெடுக்குவாட்டில் எடுத்த படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியது 1200க்கு 1600 பிக்சலாகச் சுருங்கி வந்தது. அதையே டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன். 3000க்கு 4000 வந்தது. என் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. திரையே 1920க்கு 1080தான்; அதற்கு மேல் உள்ளதைக் காட்ட அதில் இடமில்லை.

எட்டடி என்பது 96 அங்குலம். சிறிய படத்தில் அங்குலத்துக்கு 17 பிக்சல்கூடத் தேறாது. ஒவ்வொரு பிக்சலும் ஒன்றரை மில்லிமீட்டர் கட்டமாகி, குழந்தையின் இமைமயிர் படிக்கட்டாகிவிடும். பெரிய படத்தில் 42 பிக்சல் கிடைக்கிறது. பத்தடி தள்ளி நிற்கும் கண்ணுக்கு 30 போதும் என்பதால் இது தாராளம். மண்டப வாசலில் உறவினர்கள் பேனரை ஒட்டி நின்று படம் எடுப்பார்கள். அதற்காகவே 72 வைக்கிறோம், அதாவது 8640க்கு 6912. புத்தக அச்சுப்போல் 300 வைத்தால் அகலம் 36,000 ஆகும். ஃபோட்டோஷாப்பின் PSD கோப்பு 30,000க்கு மேல் ஏற்காது. சிறிய படத்தை மென்பொருளில் 6912 உயரத்துக்கு இழுத்தாலும் பயனில்லை. படிக்கட்டு போய் மங்கல் வரும், இமைமயிர் வராது.

அடுத்தது அகலம். உயரம் எட்டடி என்றால் இந்தப் படம் ஆறடி அகலமே வரும். இருபுறமும் இரண்டிரண்டு அடி காலி. ரீப்பர் கட்டையில் மடித்து ஆணி அடிக்கும் சில அங்குலம் தனி.

படத்தையே பக்கவாட்டில் இழுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மாமன் முகம் பூசணிக்காயாகிவிடும். `Flip Horizontal` மூலம் ஓரத்தைத் திருப்பி ஒட்டுவது வெற்றுச் சுவருக்குப் பொருந்தும். வேப்பங்கிளையில் செய்தால் ஒட்டிய கோட்டின் இருபுறமும் வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல் ஒரே கிளை விரியும். திரையில் தப்பினாலும் பத்தடியில் கண்ணைக் குத்தும்.

இலை, புல், மண் போன்ற ஒழுங்கற்ற பின்னணிக்கு, படத்திலிருந்தே மாதிரி எடுத்துக் காலியிடத்தை நிரப்பும் `Content-Aware Fill` நல்லது. மாதிரி எடுக்கும் பகுதியிலிருந்து ஆட்களை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் கிளைக்கு நடுவே வேட்டிக்கரை முளைக்கும். தூண், ஜன்னல் கம்பி போன்ற நேர்கோடுகளில் இது வளைந்து உடையும். அங்கே ஆட்களை மட்டும் வெட்டியெடுத்துப் புதிய வண்ணப் பின்னணியில் வைப்பதே நேர்மையான வழி. மென்மையான நிறமாற்றம் அச்சில் பட்டைபட்டையாகப் பிரியாதிருக்க `Add Noise` இரண்டு சதவீதம் போதும்.

இந்தப் படத்துக்கு இலைப் பின்னணி என்பதால் `Content-Aware Fill` எடுத்தேன். முதலில் 4000 உயரத்திலேயே இருபுறமும் ஆயிரம் பிக்சல் நீட்டி, பிறகே 72க்குப் பெருக்கினேன். வரிசை மாறினால், பெருக்கத்தில் மங்கிய படத்தின் ஓரத்திலிருந்தே மாதிரி எடுக்கும். கோப்பும் கனத்து, கணினி திணறும். கடைசியில் ஒரே இலைக்கொத்து மூன்று இடங்களில் தெரிந்தது. இரண்டை `Clone Stamp` கொண்டு கையால் மறைத்த பிறகே அச்சுக்கு அனுப்பினேன்.