வயிற்றைத் தடவுவதா, சாப்பிட்டதும் நடப்பதா?

வாயு அடைத்து வயிறு கல் மாதிரி இருந்தால் என் ஓட்டு நடைக்குத்தான். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும்; காலையில் அது இன்னும் வலுவாக இருக்கும். அந்த நேரத்தில் 10, 15 நிமிடம் மெதுவாக நடந்தால் வாயு நகர்ந்து வெளியேறும். வேகநடை வேண்டாம், வயிறு பிடித்துக்கொள்ளும்.

மலச்சிக்கலுக்கு, அதுவும் அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு, தடவுவதே கைகொடுக்கும். முழங்கால் வலியோடு இருக்கும் என் அம்மாவுக்கு நான் செய்வது இதுதான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பேன். விரல்களில் கொஞ்சம் நல்லெண்ணெய். வலது அடிவயிற்றில் தொடங்கி விலா வரை மேலே, தொப்புளுக்கு மேலாகக் குறுக்கே இடப்பக்கம், பிறகு இடது இடுப்பு வரை கீழே. பெருங்குடல் போகும் பாதை அது, எதிர்த்திசையில் தடவக்கூடாது. பத்து நிமிடம் போதும். அம்மா முகம் சுளித்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். பலன் அன்றே தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில்தான் முக்காமல் போக முடிந்தது.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் தடவவே வேண்டாம். வயிறு உப்பி, வாந்தியோடு வாயுகூடப் பிரியவில்லை என்றாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ இரண்டையும் விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.