லேபில் ‘பெர்செப்சுவல் போட்டோம்’ என்றால், எந்த புரொஃபைலுக்கு என்று கேளுங்கள்

கல்யாண ஆல்பம் அடிக்க வெளியில் கொடுக்கும் போட்டோகிராபர்களுக்காக இதை எழுதுகிறேன். கலர் கரெக்‌ஷன் என்று பக்கத்துக்குத் தனிக் காசு வாங்கிய ஒரு லேப், மணப்பெண்ணின் மயில் பச்சைப் பட்டுப் புடவையைப் பெயின்ட் அடித்த தகரம் மாதிரி அச்சடித்துக் கொடுத்தது. முகம் சரியாக இருந்தது, நகை சரியாக இருந்தது. புடவையில் மட்டும் மடிப்பின் பளபளப்பு இல்லை. கொசுவம் முழுக்க ஒரே பச்சை.

கேட்டதற்கு முதல் பதில், “உங்க மானிட்டர் காலிபரேட் ஆகலை சார்.” மானிட்டர் காலிபரேட் ஆனதுதான் என்றதும் அடுத்த பதில் வந்தது: “பெர்செப்சுவல்ல போட்டுத்தான் சார் மாத்தினோம். அதுக்கு மேல மெஷினால முடியாது.” ஆதாரமாக ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார்கள். போட்டோஷாப்பின் Convert to Profile பெட்டி. Intent என்ற இடத்தில் Perceptual என்றுதான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே, Destination Space-இல் இருந்தது sRGB IEC61966-2.1. ஏமாற்று வேலை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும். ஒரு மெஷினிலோ பேப்பரிலோ, sRGB, Adobe RGB மாதிரி ஒரு நிற வெளியிலோ எந்தெந்த நிறம் கொள்ளும் என்று சொல்லும் விவரம்தான் புரொஃபைல். ஒரு புரொஃபைலில் இருந்து இன்னொன்றுக்குப் படத்தை மாற்றும்போது, புது இடத்தில் கொள்ளாத நிறங்களை என்ன செய்வது என்பதுதான் ரெண்டரிங் இன்டென்ட். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் போட்டால், கொள்ளும் நிறங்கள் அப்படியே இருக்கும். கொள்ளாதவை எல்லையில் இருக்கும் கிட்டத்தட்ட ஒத்த நிறத்துக்கு வெட்டப்படும். வெளியே வெவ்வேறாக இருந்த மூன்று பச்சைகள் எல்லையில் ஒரே பச்சையாகிவிடலாம். பெர்செப்சுவல் மொத்த நிறங்களையும் சேர்த்து உள்ளே அமுக்கும். எல்லாம் கொஞ்சம் அடங்கும், ஆனால் நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பிழைக்கும்.

இப்படி அமுக்குவதற்கு ஒரு அட்டவணை வேண்டும். அச்சு இயந்திரத்துக்கும் பேப்பருக்கும் செய்த புரொஃபைலுக்குள் அந்த அட்டவணை இருக்கும். நாம் எல்லோரும் பயன்படுத்தும் சாதாரண sRGB-யில் அது கிடையாது. அதில் இருப்பது மூன்று முதன்மை நிறங்களின் இடமும் ஒரு டோன் வளைவும்தான். அதனால் Adobe RGB-யில் இருந்து அந்த sRGB-க்கு மாற்றும்போது பெர்செப்சுவல் என்று தேர்ந்தெடுத்தாலும் நடப்பது ரிலேட்டிவ்தான். போட்டோஷாப் எந்த எச்சரிக்கையும் தராது. வீட்டில் இருந்தபடியே சோதித்துப் பார்க்கலாம்: ஒரே படத்தை இரண்டு விதமாகவும் மாற்றி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து Difference மோடு போடுங்கள். முழுக் கறுப்புதான் வரும். பெர்செப்சுவல் அட்டவணையோடு வரும் sRGB v4 என்று ஒன்று தனியாக உண்டு, ஆனால் ஆல்பம் லேபில் அதை வைத்து வேலை செய்பவரை நான் பார்த்ததில்லை.

இனி நம் புடவை. Adobe RGB-க்கும் sRGB-க்கும் சிவப்பு முனையும் நீல முனையும் ஒரே இடம். வித்தியாசம் பச்சை முனையில்தான், ஆகவே அடி வாங்குவது பச்சையும் பச்சை கலந்த நீலமும். என் Adobe RGB ஒரிஜினலில் கொசுவத்தின் ஒரு மடிப்பில் G 150 பக்கம் இருந்தது. அதே மடிப்பில் நிழலில் இருந்து வெளிச்சத்துக்கு வரும்போது R 35, 60, 80 என்று ஏறியது. பட்டின் மினுமினுப்பு கணிசமாக அந்த R ஏற்றத்தில்தான் இருக்கிறது. Adobe RGB-யில் G 150 இருக்கும் இடத்தில் R சுமார் 85-க்குக் கீழே இருந்தால், sRGB-யில் அதற்கு மைனஸ் மதிப்பு தேவைப்படும். மைனஸ் கிடையாது, அதனால் பூஜ்யம். ஆக 35-ம் பூஜ்யம், 60-ம் பூஜ்யம், 80-ம் பூஜ்யம்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லேப் ஒப்புதலுக்கு அனுப்பிய பக்கத்தைத் திறந்து Channels-இல் Red சேனலை மட்டும் போட்டேன். புடவை இருந்த இடம் மை கொட்டியது போலத் தட்டையான கறுப்பு. என் ஒரிஜினலில் அதே சேனலில் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது. மாற்றி முடித்த ஜேபெக்கில் எந்த இன்டென்ட் போட்டார்கள் என்று எழுதி இருக்காது. ஆனாலும் சேனல் காட்டிக்கொடுத்துவிடும்.

கொடுமை என்னவென்றால், “மெஷினால முடியாது” என்பதே பொய். ஆர்ட் பேப்பரில் அடிக்கும் சயான் மையும், அதோடு கொஞ்சம் மஞ்சள் சேர்ந்த மயில் பச்சைகளும் sRGB-யின் எல்லைக்கு வெளியே போகக்கூடியவை. லேபிடம் விடாமல் கேட்டு, அவர்கள் பிரஸ்ஸின் புரொஃபைலை வாங்கி, View மெனுவில் Proof Setup, Custom போய் அதை வைத்து, ஒரிஜினல் படத்துக்கு Gamut Warning போட்டுப் பார்த்தேன். சாம்பல் பூசியது மடிப்பின் உச்சிகளில் மட்டும். புடவையின் பெரும்பகுதியை அந்த மெஷின் அடித்திருக்கும். நடுவில் sRGB வழியாக நுழைத்ததால்தான் போனது. அங்கே வெட்டுப்பட்ட பிறகு, பிரஸ்ஸுக்கு மாற்றும்போது நிஜமான பெர்செப்சுவலே போட்டாலும் பூஜ்யத்தில் இருந்து மடிப்பு திரும்ப வராது.

அதே புரொஃபைலுக்கு Adobe RGB-யில் இருந்து நேராக மாற்றிப் பார்த்தேன். ரிலேட்டிவ் போட்டபோது முகமும் பட்டு வேட்டியும் ஒரிஜினலை ஒட்டி இருந்தன, உச்சி மடிப்புகள் மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டன. பெர்செப்சுவலில் மடிப்புகள் பிரிந்து நின்றன, தோல் நிறம் ஒரு துளி மங்கியது. அந்தப் பக்கத்துக்கு நான் எடுத்தது பெர்செப்சுவல். அதற்காக ஆல்பம் முழுக்க அதையே போடச் சொல்ல மாட்டேன். அந்த அட்டவணை புரொஃபைல் செய்யும்போதே எழுதப்பட்டது, உங்கள் படத்தைப் பார்த்து அமுக்குவதில்லை. எல்லா நிறமும் உள்ளேயே இருக்கும் ஒரு முகூர்த்தப் படத்தையும் தேவையில்லாமல் மங்க வைக்கும். என் வழக்கம் இது: சாதாரணப் பக்கங்களுக்கு ரிலேட்டிவ், கூடவே Use Black Point Compensation டிக். அந்த டிக் இல்லாவிட்டால் கோட்டு, தலைமுடி எல்லாம் நிழலில் அப்பிக்கொள்ளும். பட்டு, பூ, மேடை விளக்கு என்று நிறம் கத்தும் பக்கங்களுக்கு மட்டும் இரண்டையும் ப்ரூஃபில் மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு.

Intent பட்டியலில் இருக்கும் மீதி இரண்டும் போட்டோவுக்கு வேண்டாம். சாச்சுரேஷன் கிராஃப், சார்ட்டுக்கானது. “கலர் பாப்பா இருக்கும்” என்று லேப் அதைச் சொன்னால் மறுத்துவிடுங்கள், தோல் நிறம் எங்கேயோ போய்விடும். அப்சல்யூட் ஒரு பேப்பரின் வெள்ளையை இன்னொரு பேப்பரில் காட்டிப் பார்க்கும் ப்ரூஃப் வேலைக்கு. நீலச் சாயல் உள்ள பேப்பருக்கு அதில் மாற்றினால் வெள்ளை வேட்டியில் மஞ்சள் புள்ளி விழும்.

லேப் காசைத் திருப்பித் தரவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு 20% தள்ளுபடி தருகிறார்களாம். நான் பிரஸ் புரொஃபைலைக் கேட்டவுடன் கொடுத்த வேறு இடத்தில், சிஎம்ஒய்கே டிஃப்பாக நானே மாற்றிக் கொடுத்து, கைக்காசில் திரும்ப அடித்தேன்.

பல லேபுகள் sRGB ஜேபெக் தவிர வேறு எதையும் வாங்காது. அப்படி இருந்தால் மாற்றுவதற்கு முன்பே Hue/Saturation-இல் Cyans, Greens இரண்டையும், Proof Setup-இல் sRGB வைத்து Gamut Warning போட்டுக்கொண்டு, சாம்பல் பூச்சு மடிப்பில் இருந்து விலகும் வரை மெல்லக் குறையுங்கள். குறைப்பதைப் புடவைக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் மாவிலைத் தோரணமும் வாழைமரமும் சேர்ந்து வாடிவிடும்.