சமையலறைக் கைப்பிடிகளை மாற்றி நாலு வருஷம்: எது நின்றது, எது உரிந்தது

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கப்போர்டு கதவுகளையே மாற்ற ஆசைதான். செலவைக் கேட்டதும் கைப்பிடிகளோடு நிறுத்திக்கொண்டோம். மொத்தம் 14. பழையது இரு முனையும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி மாதிரி. குறுகலான சமையலறையில் சட்டைப் பை, புடவைத் தலைப்பு எல்லாம் அதில் மாட்டும். முனை வெளியே நீட்டாத வளைவுப் பிடிக்கு மாறிய முதல் வாரமே இடம் கொஞ்சம் பெரிதான மாதிரி இருந்தது. நிறத்தைவிட இதுதான் பெரிய மாற்றம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பிடியின் மொத்த நீளத்தை அல்ல, ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை உள்ள தூரத்தை. எங்களுடையது 96 மி.மீ. கடைக்காரர் அதை "நாலு இன்ச்" என்பார். கணக்குப்படி நாலு இன்ச் 101.6 மி.மீ.; அந்த வித்தியாசம் போதும், ஸ்க்ரூ ஏறாது. பழைய பிடி ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனதால் தப்பித்தேன். இழுப்பறைகளில் வேறு சிக்கல். முன்பலகை இரட்டையாக இருந்ததால் கூட வந்த 25 மி.மீ. ஸ்க்ரூ எட்டவில்லை. நீளமானது தனியாக வாங்கினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 12 பிடிகள் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோம் பூசியவை. அடுப்புப் பக்கம் வைத்த இரண்டு மட்டும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டாம் வருஷ மழைக்காலத்தில் சிங்க் கீழே உள்ள இரண்டில் கொப்புளம் வந்தது. முன்பக்கம் பளபளவென்றுதான் இருந்தது. விரல் படும் உள்பக்கம் சொரசொரத்தது. ஈரக் கையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் பூச்சில் உள்ள நுண்ணிய ஓட்டை வழியாக அடியில் உள்ள உலோகம் அரிக்கும், பூச்சு மேலே தூக்கும். தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஸ்டீல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. மாதம் ஒருமுறை துணியால் துடைக்கிறேன், அவ்வளவுதான்.

காந்தம் வைத்துப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். இதில் அது உதவாது: துத்தநாகத்திலும் ஒட்டாது, 304-லும் அநேகமாக ஒட்டாது, விலை குறைந்த 202-லும் அப்படித்தான். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

படுக்கையறை அலமாரிக்கு ஒற்றை ஸ்க்ரூ குமிழ் போட்டோம். அழகுதான். ஆனால் இழுக்க இழுக்கச் சுழன்று லூசாகிறது. ஸ்க்ரூ மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டு முறுக்கினேன், ஒரு வருஷமாக அசையவில்லை. சுவிட்ச் பிளேட்டுகளும் மாற்றினோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.

சிங்க் கீழே இருந்த இரண்டையும் போன மாதம் ஸ்டீலுக்கு மாற்றினேன். பக்கத்தில் உள்ள குரோமோடு பளபளப்பு ஒட்டவில்லை. நான் சொன்ன பிறகுதான் மனைவி கவனித்தாள். இப்போது அவள் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிகிறதாம்.